முழுத்திரைச் செயலிகளும் விண்டோஸின் சொந்த ரெக்கார்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

Win + Alt + R அழுத்திவிட்டு ஒரு மணி நேரம் விளையாடினேன். வீடியோவைத் திறந்தால் லாஞ்சர் மட்டும் அசையாமல் நிற்கிறது. விளையாட்டு எங்கே போனது?

ரெக்கார்டர் அதைப் பார்க்கவே இல்லை. விண்டோஸோடு வரும் கேம் பார் மானிட்டரில் தெரிவதைப் படம் எடுப்பதில்லை. ஒரே ஒரு விண்டோவைப் பிடித்துக்கொண்டு, அந்த விண்டோ வரைவதை மட்டும் வாங்கிச் சேமிக்கிறது. எந்த விண்டோ? ஷார்ட்கட்டை அழுத்திய நொடியில் எது முன்னால் இருந்ததோ அது.

நீங்கள் அழுத்தியபோது முன்னால் இருந்தது "Play" பொத்தான் உள்ள லாஞ்சர். பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு வேறொரு விண்டோவாக, பெரும்பாலும் வேறொரு புராசஸாகவே, திறந்துகொண்டது. அது திரை முழுவதையும் மூடியது உங்கள் கண்ணுக்குத்தான். ரெக்கார்டர் பின்னால் கிடக்கும் லாஞ்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. சில லாஞ்சர்கள் விளையாட்டைத் திறந்ததும் தாமாக மூடிக்கொள்ளும். அப்படியானால் பதிவும் அங்கேயே முடிந்து, சில நொடி நீளமுள்ள ஒரு ஃபைல்தான் மிஞ்சும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

முழுத்திரைப் பதிவில் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் வந்து முடிகின்றன என்பது என் அனுபவம். ஆகவே பதிவை எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில்: விளையாட்டின் முதல் மெனு முழுத்திரையில் வந்த பிறகு. அதற்கு முன் வேண்டாம்.

முழுவதும் பதிந்து முடித்த பிறகு தலையில் கை வைப்பதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, அதுவும் வீடியோவைத் திறக்காமலே. பத்து நொடி பதிந்து நிறுத்துங்கள். பயனர் ஃபோல்டருக்குள் `Videos\Captures` என்ற இடத்தில் புதிய எம்பி4 ஃபைல் ஒன்று வந்திருக்கும். கேம் பார் அதற்கு வைக்கும் பெயரின் தொடக்கம், அது பிடித்த விண்டோவின் தலைப்பு. பின்னால் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். பெயரில் லாஞ்சரின் தலைப்பு இருந்தால் லாஞ்சரைப் பிடித்திருக்கிறது. விளையாட்டின் பெயர் இருந்தால் சரி.

யாராவது என்னிடம் பதிவு சரியில்லை என்று வந்தால் நான் முதலில் கேட்பது வீடியோவை அல்ல, ஃபைலின் பெயரை.

பவர்பாயிண்டில் பதிவைத் தொடங்கி F5 அடித்தேன். ஸ்லைடு ஷோ வரவில்லை, எடிட் செய்யும் பக்கம்தான் வந்திருக்கிறது. குரல் மட்டும் சரியாக இருக்கிறது.

லாஞ்சர் கதையேதான், ஆனால் இங்கே இன்னும் நன்றாக ஏமாற்றும். ஏனென்றால் எடிட் பக்கமும் ஸ்லைடு ஷோவும் ஒரே செயலி. ஒரே செயலி என்றால் ஒரே விண்டோ என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் F5 அடித்ததும் பவர்பாயிண்ட் இருந்த விண்டோவையே பெரிதாக்குவதில்லை. புதிதாக ஒரு முழுத்திரை விண்டோவைத் திறந்து பழையதன் மேல் வைக்கிறது. பழைய விண்டோ உள்ளே அப்படியே உயிரோடு இருக்கிறது. ரெக்கார்டரும் அதனிடமே நிற்கிறது. மைக் எந்த விண்டோவுக்கும் சொந்தமில்லை என்பதால் குரல் மட்டும் ஒழுங்காக விழுந்துவிட்டது.

ஒருவர் நாற்பது நிமிடப் பாடம் ஒன்றை இப்படிப் பதிந்து கொண்டுவந்தார். அவரோடு உட்கார்ந்து செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் F5 அடித்து முதல் ஸ்லைடு திரையை நிரப்பும் வரை காத்திருந்தோம். ஸ்லைடின் மேல் கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும், அதனால் மவுஸைத் தொடவில்லை. அப்படியே Win + Alt + R. பத்து நொடி பேசிவிட்டு மீண்டும் Win + Alt + R. ஃபோல்டரைப் பார்த்தால் ஃபைல் பெயர் `PowerPoint Slide Show` என்று தொடங்கியது. முந்தைய தோல்வியின் பெயரில் அவருடைய கோப்பின் பெயரும் பவர்பாயிண்ட் என்பதும் மட்டுமே இருந்தன.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுநாள் அவர் இரண்டாவது மானிட்டர் ஒன்றை இணைத்தார். பவர்பாயிண்ட் உடனே ஒரு மானிட்டரில் ஸ்லைடையும் மற்றதில் பேசுபவருக்கான குறிப்புப் பக்கத்தையும் போட்டது. அந்தக் குறிப்புப் பக்கமும் தனி விண்டோ. அவர் கை பழக்கத்தில் அதன் மேல் ஒரு கிளிக் செய்துவிட்டு ஷார்ட்கட்டை அழுத்த, இந்த முறை பதிவானது அவருடைய குறிப்புகள். மாணவர்களுக்கு அனுப்புவதற்கு முன் பார்த்ததால் தப்பித்தார். இரண்டு மானிட்டர் இருந்தால் `Slide Show` தாவலில் உள்ள `Use Presenter View` டிக்கை எடுத்துவிட்டுப் பதிவது பாதுகாப்பு.

இத்தனை சிரமம் எதற்கு, பவர்பாயிண்டிலேயே `Record` என்ற வசதி இருக்கிறதே என்று கேட்டால், ஸ்லைடு மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதுவே நல்லது. நடுவில் வேறு செயலிக்குத் தாவிக் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே பயன்படாது. அதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

செயலி சரியாகப் பதிகிறது. ஆனால் ரைட் கிளிக் மெனுவும் "ஃபைலைத் திற" பெட்டியும் வீடியோவில் இல்லை. நான் காற்றில் கிளிக் செய்வது போல் இருக்கிறது.

மெனு, கீழே விரியும் பட்டியல், எச்சரிக்கைப் பெட்டி, ஃபைல் தேர்வுப் பெட்டி இவையெல்லாம் பல செயலிகளில் தனித்தனி விண்டோக்கள். பிரதான விண்டோவின் மேல் மிதப்பவை. ரெக்கார்டர் பிரதான விண்டோவின் படத்தை மட்டும் வாங்குவதால், மிதப்பவை கணக்கில் வருவதில்லை.

விளையாட்டுகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. விளையாட்டு தன் மெனுவையும் தன் பட்டன்களையும் தானே ஒரே பரப்பில் வரைந்துகொள்கிறது, விண்டோஸிடம் மெனு கேட்பதில்லை. கேம் பார் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது இங்கேதான் தெரியும். ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று செய்துகாட்டும் வீடியோவுக்கு அது தவறான கருவி. செட்டிங்கைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது.

டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் பதிய மறுக்கிறதே?

ஆமாம், மறுக்கும். விண்டோஸ் 11 என்றால் ஸ்னிப்பிங் டூல் அந்த வேலையைச் செய்யும்.

விளையாட்டு முழுத்திரையில் இருக்கும்போது Win + G அழுத்தினால் ஒன்றுமே வருவதில்லை. கேம் பார் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் பாரை மறந்துவிட்டு Win + Alt + R அழுத்திப் பாருங்கள். முழுத்திரை விளையாட்டில் பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஒரு கணம் பளிச்சிடும். பளிச்சிட்டால் பதிவு நடக்கிறது என்று பொருள். பார் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை என்பதற்கு உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு செயலியும் தன் படத்தைத் தனியாக வரைந்து வைக்கிறது. டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர், டாஸ்க் மேனேஜரில் `dwm.exe` என்று தெரியுமே அது, எல்லாப் படங்களையும் அடுக்கி ஒரே படமாக்கி மானிட்டருக்கு அனுப்புகிறது. ஒன்றின் மேல் ஒன்றைக் காட்டுவது அதன் வேலை. கேம் பாரும் அந்த அடுக்கில் ஒரு தாள்தான்.

பழைய பாணி முழுத்திரையில், அதாவது எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரையில், விளையாட்டு இந்த இடைத்தரகரை ஒதுக்கிவிட்டு மானிட்டரைத் தானே எடுத்துக்கொள்கிறது. தான் வரைந்த ஃப்ரேமை நேரடியாகத் திரைக்குத் தள்ளுகிறது. தேவையானால் மானிட்டரின் ரெசல்யூஷனையே மாற்றுகிறது. அடுக்குபவரே இல்லாத இடத்தில் மேலே தாள் வைக்க முடியாது. அதனால் பார் வரைய இடமில்லாமல் போகிறது.

இதை மாற்றத்தான் விண்டோஸ் 10-இல் "முழுத்திரை ஆப்டிமைசேஷன்" என்ற ஏற்பாடு வந்தது. விளையாட்டு எக்ஸ்க்ளூசிவ் கேட்கும். விண்டோஸும் கொடுத்துவிட்டதாகவே அதனிடம் காட்டிக்கொள்ளும். உண்மையில் திரையளவுக்கு ஓரமில்லாத ஒரு விண்டோவைத்தான் கொடுத்திருக்கும். மேலே எதுவும் இல்லாதபோது ஃப்ரேம் நேராகத் திரைக்குப் போகும், வேகம் குறையாது. மேலே ஒன்று வந்தால் அடுக்குபவர் அமைதியாக உள்ளே வந்து சேர்த்துக் காட்டுவார். டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் பழைய எக்ஸ்க்ளூசிவ் நிலை கிடையவே கிடையாது. ஆக இந்தச் சிக்கல் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் 11-உம் அதற்கு முந்தையதும் பயன்படுத்தும் விளையாட்டுகளில்தான் வரும்.

என் விளையாட்டு எந்த முழுத்திரையில் ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செட்டிங்கில் "Fullscreen" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

அந்தச் சொல்லை நம்ப முடியாது. மேலே சொன்ன ஏற்பாட்டால் ஒரே "Fullscreen" இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

கையால் செய்யும் சோதனை ஒன்று போதும். விளையாட்டு ஓடும்போது கீபோர்டில் ஒலி அளவு விசையை ஒரு முறை தட்டுங்கள். விண்டோஸின் ஒலிப் பட்டை விளையாட்டின் மேல் அழகாக மிதந்து வந்தால், அடுக்குபவர் இருக்கிறார். ஒலி கூடியும் பட்டை எங்கும் தெரியவில்லை என்றால் எக்ஸ்க்ளூசிவ் என்று சந்தேகிக்கலாம். அடுத்து Alt + Tab. சட்டென்று வேறு விண்டோவுக்குப் போனால் ஓரமில்லாத விண்டோ. திரை ஒன்றிரண்டு நொடி கறுத்து, மானிட்டர் சிக்னலைத் தேடுவது போல் திணறிவிட்டு டெஸ்க்டாப் வந்தால் எக்ஸ்க்ளூசிவ்.

ஊகம் போதாது என்பவர்கள் இன்டெல் இலவசமாகத் தரும் `PresentMon` கருவியை ஓட்டிப் பார்க்கலாம். அது ஃப்ரேம் எந்த வழியாகத் திரைக்குப் போகிறது என்று எழுதித் தரும். `Hardware: Legacy Flip` என்று வந்தால் பழைய எக்ஸ்க்ளூசிவ். `Hardware: Independent Flip` என்றால் நேர்வழி, ஆனால் தேவைப்பட்டால் அடுக்குபவர் உள்ளே வர முடியும். `Composed: Flip` என்றால் இப்போதே அவர் வழியாகத்தான் போகிறது.

எக்ஸ்க்ளூசிவ் என்று உறுதியானால் மாற்றுவது எளிது. விளையாட்டின் வீடியோ செட்டிங்கில் `Borderless` அல்லது `Windowed Fullscreen` இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பார் வரும். ஒரு சங்கடம்: எக்ஸ்க்ளூசிவில் விளையாட்டை 1280 × 720-இல் ஓட்டி மானிட்டரையே அந்த அளவுக்கு மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஓரமில்லாத நிலையில் மானிட்டர் தன் முழு ரெசல்யூஷனிலேயே நிற்கும். விளையாட்டுக்குள் தனியாக ரெண்டர் அளவைக் குறைக்கும் வசதி இல்லையென்றால் பழைய கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கும்.

"Disable fullscreen optimizations" டிக் செய்தால் எல்லாம் சரியாகும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்களே?

பதிவு விஷயத்தில் அது நேர் எதிர். அந்த டிக், விளையாட்டின் `.exe` மேல் ரைட் கிளிக் செய்து `Properties`, அதில் `Compatibility` தாவல் என்று போனால் இருக்கும். அதைப் போட்டால் விளையாட்டைப் பழைய எக்ஸ்க்ளூசிவ் வழிக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். சில விளையாட்டுகளில் தடங்கல் குறைந்ததாகச் சிலருக்குப் பட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் Win + G வரவில்லை என்று கேட்பவர்களிடம் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னால், எப்போதோ யாரோ சொல்லிப் போட்ட டிக் அங்கே உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எடுத்துவிடுங்கள், விளையாட்டை மூடித் திறங்கள், ஒலி விசையால் மறுபடி சோதியுங்கள்.

ஸ்னிப்பிங் டூல் திரையையே பதிகிறதே, முழுத்திரைக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன?

ஓரளவுக்கு ஆகும். விண்டோஸ் 11-இல் 2023-இல் திரைப்பதிவு அதில் சேர்ந்தது. Win + Shift + R அழுத்தினால் திரை மங்கும், ஒரு செவ்வகத்தை இழுத்து வைத்துத் தொடங்க வேண்டும். செவ்வகத்துக்குள் தெரிவதெல்லாம் விழும், அதனால் மெனுவும் பெட்டிகளும் தப்பாது. லாஞ்சர் சிக்கலும் இல்லை.

தொல்லை அந்த மங்கும் படலத்தில்தான். அதுவும் மேலே வைக்கும் ஒரு தாள். எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரையில் அது தோன்ற வேண்டுமானால் விளையாட்டு திரையை விட்டுக்கொடுக்க வேண்டும், ஆகவே விளையாட்டு சுருங்கிக் கீழே போய்விடும். நீங்கள் டெஸ்க்டாப்பின் மேல் செவ்வகம் போட்டுவிட்டு மறுபடி விளையாட்டுக்குள் போகிறீர்கள், அது ரெசல்யூஷனை மாற்றுகிறது. திரையை வாங்கிக்கொண்டிருந்த ரெக்கார்டர்களுக்கு அந்த நொடியில் பிடி நழுவும். திரையின் நிலை மாறினால் படத்தைத் தரும் விண்டோஸ் வசதி "இனி இது செல்லாது, மறுபடி கேள்" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். மறுபடி கேட்கத் தெரிந்த ரெக்கார்டர் பிழைக்கும்.

ஓரமில்லாத முழுத்திரையில் இந்தத் தகராறு இல்லை. மூலைக்கு மூலை செவ்வகத்தை இழுக்க மறக்காதீர்கள். ஓரத்தில் சில பிக்ஸல் விட்டுப்போனால் பின்னால் சேர்க்க முடியாது, தொடங்கிய பிறகு செவ்வகத்தை நகர்த்தவும் முடியாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வரும்போதும் Ctrl + Alt + Del அழுத்தும்போதும் விண்டோஸ் வேறொரு பாதுகாக்கப்பட்ட டெஸ்க்டாப்புக்குத் தாவுகிறது. அதை எந்தச் சாதாரண ரெக்கார்டரும் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு அடிக்கும் இடத்தைப் பதிய முடியாமல் இருப்பது நல்லதும்கூட.

படம் பார்க்கும் செயலியை முழுத்திரையில் வைத்துப் பதிந்தேன். ஒலி இருக்கிறது, படம் கறுப்பு.

இது கோளாறு இல்லை, பூட்டு. கட்டணப் படங்களைத் தரும் சேவைகள் பல, படத்தை அவிழ்ப்பதையும் திரைக்கு அனுப்புவதையும் கிராஃபிக்ஸ் கார்டின் பாதுகாக்கப்பட்ட பாதையில் வைக்கின்றன. அந்தப் பாதையிலிருந்து வேறு செயலிக்குப் படம் கிடைக்காது, காலியிடம்தான் கிடைக்கும். வங்கிச் செயலி, தேர்வுச் செயலி போன்றவை வேறு வழியில் இதையே செய்கின்றன. "என் விண்டோவை மானிட்டரைத் தவிர வேறெங்கும் காட்டாதே" என்று விண்டோஸிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து இன்னொரு வகையும் உண்டு. அதில் கறுப்புப் பெட்டிகூட வராது, அந்த விண்டோவே இல்லாதது போல் பின்னால் இருப்பது பதிவாகும்.

படம் பார்க்கும் செயலியில் பூட்டையும் கோளாறையும் பிரித்தறிவது எளிது. கறுப்பின் மேல் சப்டைட்டிலோ, ஓட்டும் பட்டையோ, பட்டன்களோ தெரிந்தால் அது பூட்டு. படம் மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது, மற்றவை சாதாரண வழியில் வந்திருக்கின்றன. பட்டன்கள்கூட இல்லாமல் ஃப்ரேம் முழுவதும் ஒரே கறுப்பு என்றால் முழுத்திரை நிலையைச் சந்தேகியுங்கள். பூட்டு என்று தெரிந்த பிறகு செட்டிங்கில் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். அதை உடைக்கும் வழியை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எடிட்டரில் போட்டால் தொடக்கத்தில் குரலும் படமும் சேர்ந்திருக்கின்றன, போகப் போக விலகுகின்றன. ப்ளேயரில் பார்த்தால் சரியாக இருக்கிறது.

ப்ளேயரில் சரி, எடிட்டரில் தவறு என்றால் ஃப்ரேம் வேகம் நிலையாக இல்லை. கேம் பாரில் 30 அல்லது 60 என்று தேர்ந்தெடுக்கிறோம். அது உச்ச வரம்பு, உறுதிமொழி அல்ல. விளையாட்டு திணறும் இடத்தில் குறைவான ஃப்ரேமே கிடைக்கும், ரெக்கார்டர் கிடைத்ததை மட்டும் நேரம் குறித்துச் சேமிக்கும். ப்ளேயர் அந்த நேரக் குறிப்பைப் படிக்கிறது. சில எடிட்டர்கள் படிக்காமல், எல்லா ஃப்ரேமும் சம இடைவெளி என்று எண்ணிக்கொள்கின்றன.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியை நிறுவியிருந்தால் இதை நேரில் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 clip.mp4
```

ஒரு ஃபைலுக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
r_frame_rate=60/1
avg_frame_rate=21540/401
```

இரண்டாவது வரியை வகுத்தால் சராசரி 53.7. வீடியோ 10 நிமிடம் என்றால் அதில் ஏறக்குறைய 32,230 ஃப்ரேம் இருக்கின்றன. இவற்றை நொடிக்கு 60 என்று ஓட்டினால் 537 நொடியில் தீர்ந்துவிடும். ஒலி 600 நொடி ஓடும். கடைசியில் ஒரு நிமிடத்துக்கும் மேல் விலகல். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் காரணம் வேறு.

எடிட்டரில் போடுவதற்கு முன் ஒரு முறை நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i clip.mp4 -fps_mode cfr -r 60 -c:a copy clip_cfr.mp4
```

பழைய எஃப்எஃப்எம்பெக் `-fps_mode` தெரியாது என்று முறைத்தால் அந்த இடத்தில் `-vsync cfr` போடலாம். குறைந்த இடங்களில் முந்தைய ஃப்ரேமே திரும்ப நிரப்பப்படும், அதனால் திணறல் போய்விடாது. விலகல்தான் போகும்.

விளையாட்டின் ஒலி இருக்கிறது, நண்பர்களோடு பேசியது இல்லையே?

கேம் பார் செட்டிங்கில் `Capturing` பகுதியில் எந்த ஒலியைப் பதிவது என்று ஒரு தேர்வு உண்டு. அது `Game` என்று இருந்தால், பிடித்த செயலியின் ஒலி மட்டும். பேசும் செயலி வேறு, ஆகவே வராது. `All` என்று மாற்றுங்கள். உங்கள் குரல் தனி, அதற்கு Win + Alt + M.

நீண்ட பதிவு இரண்டு மணி நேரத்தில் தானாக நின்றுவிட்டது.

இயல்பான வரம்பு அது. அதே `Capturing` பகுதியில் 4 மணி நேரம் வரை கூட்டலாம். அதற்கு மேல் இல்லை.

மேக்கிலும் லினக்ஸிலும் இதே கதைதானா?

மேக்கில் வேறு. அங்கே Cmd + Shift + 5 மானிட்டர் முழுவதையுமோ ஒரு பகுதியையுமோ பதிகிறது, எனவே முழுத்திரைச் செயலி தனி ஸ்பேஸில் இருந்தாலும் விழும். ஆனால் நிறுத்தும் பட்டன் மேலே மெனு பாரில் இருக்கிறது, முழுத்திரையில் மெனு பார் மறைந்திருக்கும். பட்டனைத் தேடி மவுஸை மேலே கொண்டுபோவதும் வீடியோவில் விழும். Cmd + Control + Esc அழுத்தினால் சத்தமில்லாமல் நிற்கும். பூட்டிய படங்கள் அங்கும் வராது.

லினக்ஸில் நோம் டெஸ்க்டாப்பின் 42-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022-இலிருந்து, Ctrl + Alt + Shift + R அழுத்தினால் பதிவுக்கான பலகை வருகிறது. திரை அல்லது பகுதி என்று எடுக்கலாம், ஒலி கிடையாது.

அப்படியானால் எப்போது தனி ரெக்கார்டருக்குப் போக வேண்டும்?

நடுவில் செயலி மாற வேண்டும், மெனு தெரிய வேண்டும், இரண்டு விண்டோ சேர்ந்து வர வேண்டும் என்றால் உடனே போய்விடுங்கள். ஓபிஎஸ் இலவசம். அதில் `Display Capture`, `Window Capture`, `Game Capture` என்று மூன்று தனித்தனி வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன. பவர்பாயிண்டிலிருந்து வேறு செயலிக்குத் தாவும் பாடத்துக்கு முதலாவது. எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரை விளையாட்டுக்கு மூன்றாவது, ஏனென்றால் அது விளையாட்டின் உள்ளேயே நுழைந்து ஃப்ரேமை வாங்குகிறது. அப்படி நுழைவதை ஏமாற்றுத் தடுப்பு உள்ள சில ஆன்லைன் விளையாட்டுகள் விடுவதில்லை. அங்கே விளையாட்டை ஓரமில்லாத நிலைக்கு மாற்றி `Display Capture` வைப்பதுதான் வழி.

ஒரே விளையாட்டு, ஒரே விண்டோ, கடைசி 30 நொடியில் நடந்த ஒரு நல்ல ஷாட்டைச் சேமிக்க வேண்டும் என்றால் கேம் பாரே போதும். `Capturing` பகுதியில் பின்னணிப் பதிவை முன்பே இயக்கி வைத்துவிட்டு, ஷாட் நடந்ததும் Win + Alt + G அழுத்துங்கள்.